எதைக் களைகிறார்கள், எதை விட்டுவைக்கிறார்கள்?



ஒருவர் சிறைக்குப் போய்ச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறார். ஒரு பிள்ளையைப் பத்து வயதில் விடுதியில் சேர்க்கிறோம். பதினெட்டு வயதில் வீடு திரும்புகிறது. இரண்டு இடத்திலும் வீட்டார் சொல்வது ஒன்றுதான்: "ஆளே மாறிப் போயிட்டான்." ஏன் மாறினான் என்று கேட்டால் நம்மிடம் விடை தயாராக இருக்கிறது. சிறைக்குப் போனவன் என்றால் சேர்க்கை சரியில்லை. விடுதிக்குப் போனவன் என்றால் நல்ல ஒழுக்கம் கற்றுக்கொண்டான். ஒன்றைக் கெட்டதென்றும் மற்றதை நல்லதென்றும் சொல்லிவிட்டு, இரண்டுக்கும் காரணத்தை ஆளின் குணத்திலேயே தேடுகிறோம். இன்று மாலை நான் வாதிடப் போவது வேறு. மாற்றத்துக்கான காரணம் ஆளுக்குள் இருப்பதைவிட, அவரை வைத்திருக்கும் ஏற்பாட்டில்தான் அதிகம் இருக்கிறது. அந்த ஏற்பாடு ஒரு மனிதரிடமிருந்து சிலவற்றைக் களைகிறது, சிலவற்றை விட்டுவைக்கிறது. எதைக் களைகிறது, எதை விட்டுவைக்கிறது என்று பார்த்தால், அந்த இடம் எப்படிப்பட்ட ஆளை உருவாக்க நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவர் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர். கனடாவில் பிறந்தவர், அமெரிக்காவில் பணியாற்றியவர். 1955, 56-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டனில் இருந்த செயின்ட் எலிசபெத்ஸ் என்ற அரசு மனநல மருத்துவமனையில் தங்கி ஆய்வு செய்தார். அப்போது அங்கே ஏழாயிரம் பேருக்கு மேல் நோயாளிகள். ஏழாயிரம் பேர் என்றால் ஒரு சிறு ஊர். காஃப்மன் அங்கே மருத்துவராகப் போகவில்லை, நோயாளியாகவும் போகவில்லை. விளையாட்டுப் பிரிவு அதிகாரியின் உதவியாளர் என்ற பெயரில் நாள் முழுவதும் நோயாளிகளோடு சுற்றிவந்தார். மருத்துவர்கள் நோயை எழுதிவைத்தார்கள். இவர் வேறொன்றைக் கவனித்தார். சிகரெட்டுக்கு நெருப்பு யார் தருகிறார்? கழிப்பறைக்குப் போக யாரைக் கேட்க வேண்டியிருக்கிறது? சீப்பை எங்கே ஒளித்துவைக்கிறார்கள்? இப்படிப் பார்த்ததையெல்லாம் வைத்து 1961-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சிறை, படைமுகாம், உண்டு உறைவிடப் பள்ளி, தொழுநோய் இல்லம், துறவிகளின் மடம், கடலில் மாதக்கணக்கில் போகும் கப்பல் ஆகியவற்றையெல்லாம் மனநல மருத்துவமனையோடு ஒரே வரிசையில் வைத்தார். இவற்றுக்கு அவர் கொடுத்த பெயரை முழுமை நிறுவனம் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரே வரிசையில் வைத்தது எப்படிச் சரியாகும்? துறவி விரும்பிப் போகிறார், கைதியைப் பிடித்துப் போகிறார்கள். இரண்டும் ஒன்றா? நியாயமான கேள்வி, அதற்கு வருகிறேன். முதலில் அவர் கண்ட ஒற்றுமையைப் பாருங்கள். நாம் ஓரிடத்தில் தூங்குகிறோம், வேறோர் இடத்தில் வேலை பார்க்கிறோம், மூன்றாவது இடத்தில் பொழுதைப் போக்குகிறோம். மூன்று இடத்திலும் நம்மைப் பார்ப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். அலுவலகத்தில் மேலாளரிடம் ஏச்சு வாங்கியவர் வீட்டுக்கு வந்தால் அப்பா. டீக்கடைக்குப் போனால் ஊர் நியாயம் பேசும் பெரிய மனிதர். ஓரிடத்தில் பட்ட அவமானம் அடுத்த இடத்துக்குத் தொடர்ந்து வருவதில்லை. நம் மானம் காப்பாற்றப்படுவது இந்த இடைவெளியில்தான். முழுமை நிறுவனம் இந்த இடைவெளியை மூடிவிடுகிறது. தூங்குவதும் உழைப்பதும் ஓய்வதும் ஒரே மதிலுக்குள், ஒரே அதிகாரத்தின் கீழ், அதே கூட்டத்தின் முன்னால், மணியடித்தபடி நடக்கின்றன. காலையில் கூனிக் குறுகி நின்றதைப் பார்த்த அதே கண்கள்தான் மதியம் சாப்பாட்டு வரிசையிலும் பார்க்கின்றன, இரவு படுக்கையிலும் பார்க்கின்றன. வேறு ஆளாக இருந்து பார்க்க வேறு இடம் இல்லை. மதிலின் உயரத்தைவிடப் பெரிய விஷயம் இது.

இனி, இது எப்படி நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்ப்போம். நம் நாட்டுச் சிறைகளின் நடைமுறைக்கு நெடுங்காலம் அடித்தளமாக இருந்தது 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம். அதன் 24-ஆம் பிரிவு, கைதி உள்ளே வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. உடம்பைச் சோதனையிட வேண்டும். தடைசெய்த பொருட்களை எடுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவ அதிகாரி பரிசோதித்து, உடம்பில் உள்ள காயங்களையும் அடையாளங்களையும் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும். அடுத்த பிரிவின்படி கையில் இருந்த பணமும் பொருட்களும் ஜெயிலரின் பொறுப்பில் போய்விடும். தண்டனைக் கைதி என்றால் சொந்த உடையும் போகும், சிறை உடையும் எண்ணும் வரும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. சோதனையிடாவிட்டால் கத்தி உள்ளே வரும். பரிசோதிக்காவிட்டால் தொற்றுநோய் வரும். காயத்தை எழுதிவைக்காவிட்டால், பிறகு அடித்தது யார் என்ற கேள்வி வரும்; அந்தப் பதிவு கைதிக்கே பாதுகாப்பு. தனித்தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. சேர்த்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் தன் சட்டைப் பையில் தன் பணத்தை வைத்திருந்த ஒருவர், இப்போது முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் உடம்பைக் காட்டி நிற்கிறார். தன் மச்சமும் தழும்பும் பதிவேட்டில் ஏறுவதைக் கேட்கிறார். பையே இல்லாத ஓர் உடையைப் போட்டுக்கொள்கிறார். யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. ஆனாலும், நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ள உதவிய பொருட்கள் எல்லாம் போய்விட்டன.

உடை என்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதன் 46-ஆம் பிரிவில் சிறைக்குள் தவறு செய்பவருக்கான தண்டனைகள் வருகின்றன. விலங்கு, தனிமை, கசையடி ஆகியவற்றுக்கு நடுவே ஒரு தண்டனை: மூன்று மாதம் வரை துணிக்குப் பதிலாகச் சாக்கை உடுத்தவைப்பது. வலி ஏற்படுத்தவா சாக்கு? சாக்கு அரிக்கும், உண்மைதான். ஆனால் அதன் வேலை அதுவல்ல. எல்லாரும் ஒரே உடையில் இருக்கும் இடத்தில், அதற்கும் கீழே ஒரு படி உண்டு என்று காட்டுவதுதான் அதன் வேலை.

நுழைவாயில் ஒரு நாள் காரியம். அதற்குப் பிறகு வருவது அன்றாடம். காஃப்மன் மிக நுட்பமாகப் பார்த்தது இதைத்தான். வளர்ந்த மனிதர் ஒருவர் வெளியே யாரையும் கேட்காமல் செய்யும் நூறு சின்னக் காரியங்கள், உள்ளே அனுமதி கேட்டுச் செய்யும் காரியங்கள் ஆகிவிடுகின்றன. விளக்கை அணைப்பது, முகம் மழிப்பது, கடிதம் போடுவது, தொலைபேசியில் பேசுவது என எதற்கும் கேட்க வேண்டும். கேட்டால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், காக்கவைத்துக் கிடைக்கலாம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நாள் முழுவதும் சிறு பிள்ளையைப் போலக் கேட்டுக் கேட்டு வாழ வேண்டியிருக்கிறது. இத்தோடு விட்டால் பரவாயில்லை. அவமானம் பொறுக்காமல் ஒருவர் முகத்தைச் சுளிக்கிறார், அல்லது முணுமுணுக்கிறார். வெளியே என்றால் அத்தோடு போயிற்று. உள்ளே அந்த முணுமுணுப்பே அடுத்த குற்றம். மனநல மருத்துவமனை என்றால் அது நோயின் அறிகுறி. நிறுவனம் ஒருவரைச் சீண்டுகிறது, அவர் சீறுகிறார், அந்தச் சீற்றத்தைக் காட்டி 'பார்த்தீர்களா, இதனால்தான் இவரை இங்கே வைத்திருக்கிறோம்' என்கிறது. இந்தச் சுழலுக்குள் மாட்டியவருக்குத் தன் கோபத்தைக்கூடத் தன் கோபமாக வைத்துக்கொள்ள வழியில்லை.

இப்படி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகு, நிறுவனம் ஒரு கையால் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறது. நடத்தை நன்றாக இருந்தால் தண்டனைக் குறைப்பு. இன்னும் நம்பிக்கைக்குரியவரானால் மற்றக் கைதிகளை மேற்பார்க்கும் பொறுப்பு. கைதியையே காவலராக்கும் இந்த வழக்கம் நம் சிறைகளில் பழையது. அப்படி நியமிக்கப்பட்டவரைச் சட்டமே அரசு ஊழியராகக் கருதியது. வெளியே யாருக்கும் இயல்பாக உள்ளவை, உள்ளே சம்பாதிக்க வேண்டிய சலுகைகள் ஆகின்றன. அந்தச் சலுகையைச் சுற்றி ஒரு புது வாழ்க்கை, ஒரு புது மதிப்பு, ஒரு புது ஆள். சிலர் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளுக்குள் ஒடுங்கிப் போகிறார்கள். சிலர் முட்டி மோதுகிறார்கள். சிலர் இருக்கும் இடத்தையே வீடாக்கிக்கொள்கிறார்கள். சிலர் அதிகாரிகளின் பேச்சையே தம் பேச்சாக ஏற்று, அவர்களைவிடக் கறாராகி விடுகிறார்கள். காஃப்மன் இந்த நால்வகையையும் சொல்லிவிட்டு, பெரும்பாலோர் இவற்றில் எதிலும் முழுதாக நிற்பதில்லை என்றார். ஆளுக்கு, நேரத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சம் நடித்துத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். செயின்ட் எலிசபெத்ஸில் சிலர் தம்முடைய உடைமைகள் அனைத்தையும் சட்டைப் பையிலும் கைப்பையிலும் திணித்துக்கொண்டு நாள் முழுவதும் சுமந்து திரிந்தார்கள். பார்ப்பவருக்கு அது பைத்தியக்காரத்தனம். பூட்டும் சாவியும் உள்ள ஒரு பெட்டி இல்லாதவர் வேறு என்ன செய்வார்?

இங்கே ஒரு மறுப்பு எழும். அமெரிக்கச் சமூகவியலுக்குள்ளேயே எழுந்தது. 1962-இல் ஜான் இர்வின், டொனால்ட் கிரெசி என்ற இருவர் சொன்னார்கள்: சிறைக்குள் காணப்படும் பண்பாடு சிறை உருவாக்கியதல்ல, கைதிகள் தெருவிலிருந்து கொண்டுவந்தது. வெளியே திருட்டுக் கும்பலில் கற்ற நெறிமுறையைத்தான் உள்ளேயும் பின்பற்றுகிறார்கள். இதைச் சொன்னவர்களில் இர்வின் தாமே சிறையில் இருந்து வந்தவர், ஆகவே சும்மா தள்ளிவிடக்கூடிய பேச்சல்ல. காஃப்மன் மேல் வைக்கக்கூடிய சரியான குறையும் இதுதான். அவர் வருணிக்கும் நிறுவனத்துக்குள் வெளியுலகம் நுழைவதே இல்லை. ஆள் உள்ளே வந்ததும் துடைத்துவிட்ட பலகை போல ஆகிவிடுகிறார் என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் அப்படி நடப்பதில்லை. நிறுவனம் எல்லாவற்றையும் துடைப்பதில்லை, பொறுக்கியெடுத்துத் துடைக்கிறது. இதற்குச் சான்று தேடி அமெரிக்கா போக வேண்டாம். பாளையங்கோட்டைக்குப் போனால் போதும்.

பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் சமூகக் கைதிகளைத் தனித்தனிப் பகுதிகளில் வைத்திருந்தார்கள். அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனபோது, மோதலைத் தவிர்க்கத்தான் இப்படிப் பிரிக்கிறோம் என்ற நிர்வாகத்தின் விளக்கம் ஏற்கப்பட்டது. பின்னர், இந்தியச் சிறைகளில் சாதி எப்படி இயங்குகிறது என்று பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா விரிவாக எழுதி, உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார். 2024 அக்டோபர் 3 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளில், சமையலுக்கு ஏற்ற சாதி எது, துப்புரவுக்கு உரிய சாதி எது என்று சட்டம் போலவே எழுதியிருந்தது. அந்த விதிகளை நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. பாளையங்கோட்டைக்குச் சொன்ன மோதல் தவிர்ப்பு நியாயத்தையும் ஏற்கவில்லை. கைதிகளின் பதிவேட்டில் உள்ள சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது.

இதை நான் சொன்ன நுழைவாயில் காட்சியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அந்த மேசையில் ஒருவரின் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். உடையை வாங்கிக்கொண்டார்கள். பெயருக்கு மேல் ஓர் எண்ணை வைத்தார்கள். அவர் செய்த தொழில், படித்த படிப்பு, ஊரில் இருந்த செல்வாக்கு எல்லாம் வெளியே நின்றன. ஆனால் அதே மேசையில், அதே பதிவேட்டில், சாதியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எந்தத் தொகுதியில் படுப்பது, எந்த வேலை செய்வது என்பதை அது முடிவு செய்தது. வெளியே ஒருவர் சாதி அடையாளத்தோடு வேறு பத்து அடையாளங்களையும் வைத்திருந்தார். ஆசிரியர், கட்சிக்காரர், பந்தாட்டக்காரர், யாரோ ஒருவருக்கு நண்பர். அந்தப் பத்தையும் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்தால், மிஞ்சுவது முன்பு இருந்த ஆள் அல்லர். அந்த ஒன்றாகவே சுருக்கப்பட்ட ஆள். மோதல் வரும் என்று பிரித்தார்கள். பிரித்துவைத்த இடத்தில் ஒருவருக்குத் துணையாக இருப்பவர்கள் சொந்தச் சாதிக்காரர் மட்டும் என்றால், விடுதலையாகி வெளியே வரும்போது அவர் யாராக வருவார்? இர்வின் சொன்னபடி, சாதி வெளியிலிருந்துதான் உள்ளே வந்தது. ஆனால் உள்ளே வந்தவற்றுள் எது வாழும், எது சாகும் என்று தீர்மானித்தது நிறுவனம்.

விடுதியிலும் இதே கதை நடந்திருக்கிறது, அதுவும் நம் அரசியலையே திருப்பிவிட்ட கதை. வ.வே.சு. ஐயர் 1920-களின் தொடக்கத்தில் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் நன்கொடை தருவதாக ஒப்புக்கொண்டு ஐயாயிரம் கொடுத்தது. உடல் உழைப்பும் தாய்மொழிக் கல்வியும் தேச உணர்வும் கலந்த புதிய இளைஞனை உருவாக்குவது நோக்கம். பிள்ளைகள் ஒரே இடத்தில் தங்கினார்கள், ஒரே இடத்தில் படித்தார்கள், ஒரே வேலையைச் செய்தார்கள். சாப்பிடும் நேரத்தில் மட்டும், பெற்றோரின் விருப்பம் என்று சொல்லி, பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனிப் பந்தி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள். பந்தியைத் தவிர மற்றதெல்லாம் சமம்தானே, சில பிள்ளைகள் தனியாகச் சாப்பிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று அன்று கேட்டவர்கள் உண்டு. எல்லாமே ஒன்றாக இருக்கும் இடத்தில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால், அந்த ஒன்றுதான் பாடமாகிவிடும் என்பதே அதற்கு விடை. ஊரில் தனிப் பந்தி என்பது பல வேற்றுமைகளுள் ஒன்று. குருகுலத்தில் அது ஒன்றே வேற்றுமை. ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடோ அத்தனை முறை அந்தப் பிள்ளைகளுக்கு அது சொல்லிக் கொடுக்கப்பட்டது. 1925-இல் ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். அதே ஆண்டு இறுதியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

அடுத்த மறுப்பு விடுதியைப் பற்றியது. இந்த அவையில் பலர் மனத்தில் இருக்கும். சிறையையும் விடுதியையும் ஒன்றாகப் பேசுவது அநியாயம் இல்லையா? விடுதி இல்லாவிட்டால் படித்திருக்கவே மாட்டார்கள் என்று சொல்லத்தக்க தலைமுறைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, சேரிப் பிள்ளைகளுக்குத் தங்க இடமும் சோறும் தராமல் கல்வியைத் தந்திருக்க முடியாது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் படித்து மேலே வந்தவர்களைக் கேட்டால், ஊரில் இருந்த அடையாளம் கழன்றதுதான் முதல் விடுதலை என்பார்கள். இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்பதால் என் வாதம் பலவீனப்படவில்லை, கூர்மைப்படுகிறது. களைவது எப்போதும் கொடுமை என்று நான் சொல்லவில்லை. ஊர் ஒருவர் மேல் சுமத்திவைத்ததைக் களையும் விடுதியும் உண்டு, ஒருவர் தாமாகச் சேர்த்துவைத்ததைக் களையும் விடுதியும் உண்டு. இரண்டுக்கும் கருவி ஒன்றுதான்: மணி, சீருடை, வரிசை, பூட்டிய கதவு.

கருவி ஒன்று, நோக்கம் வேறு என்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கார்லைல் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1879-இல் பென்சில்வேனியாவில், கைவிடப்பட்ட ஒரு படைமுகாமில், ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற படை அதிகாரி பழங்குடிப் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கினார். முதல் அணியில் வந்தவர்களில் லக்கோட்டா இனத்துச் சிறுவன் ஒருவன். பெயர் ஓட்டா க்டே. வகுப்பறைக் கரும்பலகையில் வெள்ளைக்காரப் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. அவனுக்கு அந்த எழுத்துகள் வெறும் கோடுகள். கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, ஏதாவது ஒன்றைத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். தொட்டான். அந்தக் கணத்திலிருந்து அவன் லூதர். அந்தப் பெயரை வெள்ளை நாடாவில் எழுதிச் சட்டையின் முதுகில் தைத்தார்கள். கவனியுங்கள், முதுகில். அந்தப் பெயரைப் படிக்க வேண்டியவர்கள் மற்றவர்கள். பிறகு கூந்தலை வெட்டினார்கள். லக்கோட்டா மக்களிடம் கூந்தலை வெட்டிக்கொள்வது துக்கத்தின் அடையாளம். யார் செத்துப்போனார்கள் என்று அந்தப் பிள்ளைகள் யாரைக் கேட்பார்கள்? பின்னர்ச் சீருடை, பூட்ஸ், அணிவகுப்பு. தாய்மொழி பேசத் தடை. வந்தபோது எடுத்த படத்தையும் சில ஆண்டு கழித்து எடுத்த படத்தையும் அருகருகே அச்சிட்டுப் பள்ளி நன்கொடை திரட்டியது.

கார்லைல் ஏன் பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தேடிப் போனது? சிறைக்கும் விடுதிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கே இருக்கிறது. சிறைக்குள் வருபவர் ஏற்கெனவே ஆன ஆள். அவரிடமிருந்து களைந்தாலும் தாம் யாராக இருந்தோம் என்ற நினைவு அவரிடம் இருக்கும். அந்த நினைவைப் பிடித்துக்கொண்டு அவர் மல்லுக்கட்டலாம். பிள்ளை இன்னும் ஆகாத ஆள். எதை இழந்தோம் என்று தெரியாமலே இழக்கும். ஆகையால் கொடுமையில் விடுதி சிறையைவிடக் குறைந்ததாக இருக்கலாம், ஆழத்தில் அதைவிட மிஞ்சியது. பெற்றோரின் சம்மதம் இருக்கிறதே என்பார்கள். பெற்றோர் சம்மதித்தார்கள், பிள்ளை சம்மதித்ததா என்பது வேறு கேள்வி. லூதர் ஸ்டாண்டிங் பேர் பின்னாளில் ஆங்கிலத்தில் புத்தகங்கள் எழுதினார். அந்தப் பள்ளி கொடுத்த மொழியிலேயே, அந்தப் பள்ளி அழிக்க நினைத்த வாழ்க்கையைப் பதிவு செய்தார். பள்ளியின் ஆதரவாளர் இதைப் பள்ளியின் வெற்றி என்பார், எதிர்ப்பாளர் அதன் தோல்வி என்பார். எனக்கு இரண்டும் பாதி உண்மையாகவே படுகிறது.

நம் காலத்துக்கு வாருங்கள். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளைப் பிராய்லர் பள்ளிகள் என்று ஊரே பேர் வைத்தது. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப நடத்துவது அவற்றின் உத்தி. பிள்ளையை வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் எடுத்துவிட்டு, விடியற்காலை முதல் இரவு வரை ஒரே அளவுகோலின் முன் நிறுத்தினால்தான் அந்த உத்தி பலிக்கும். அடி, உதை வேண்டியதில்லை. நன்றாகப் பாடும் பிள்ளை, நன்றாக ஓடும் பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை என்பதற்கெல்லாம் அங்கே சாட்சி இல்லை. விட்டுவைக்கப்பட்ட அடையாளம் ஒன்று, மதிப்பெண். அது சரிந்த நாளில் அந்தப் பிள்ளைக்கு ஒதுங்கிக்கொள்ள வேறு முகம் கிடையாது. 2017-இல் தமிழக அரசு மாநிலத் தரவரிசையை அறிவிப்பதை நிறுத்தியது, பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. தேர்வு முறையைத் திருத்தியதன் மூலம் விடுதியின் ஏற்பாட்டைத் தொட முயன்ற நடவடிக்கை அது. தொட்டது பாடத்திட்டத்தைத்தான், ஒற்றை அளவுகோல் அசையவில்லை.

இந்த மாற்றம் நிலைக்குமா? இதற்கு ஓர் அழகான ஆய்வு இருக்கிறது. ஸ்டான்டன் வீலர் என்பவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சீர்திருத்தச் சிறையில் கைதிகளின் மதிப்பீடுகளை அளந்து 1961-இல் வெளியிட்டார். அதற்கு இருபது ஆண்டுக்கு முன் டொனால்ட் கிளெமர் சொல்லியிருந்தது, நாள் ஆக ஆகக் கைதி சிறைப் பண்பாட்டில் ஊறிக்கொண்டே போகிறார் என்பது. வீலர் கண்டது வேறு. புதிதாக வந்தவர்களின் எண்ணங்கள் பொதுச் சமூகத்தோடு ஒத்திருந்தன. தண்டனையின் நடுப்பகுதியில் இருந்தவர்கள் மிகவும் விலகியிருந்தார்கள். விடுதலையை நெருங்கியவர்கள் மறுபடி வெளியுலகத்துப் பக்கம் திரும்பியிருந்தார்கள். ஒரே ஆளைத் தொடர்ந்து போய் அளந்ததல்ல, ஆகவே எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அது காட்டும் திசை தெளிவு. மனிதர் தமக்கு முன்னால் யார் நிற்கப்போகிறார்கள் என்று பார்த்துத் தம்மை அமைத்துக்கொள்கிறார். வெளியே போகும் நாள் தெரிந்தால் வெளியே இருப்பவர்களுக்காக மாறத் தொடங்குகிறார். அப்படியென்றால், போகும் நாளே தெரியாதவர் கதி என்ன? இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தண்டனைக் கைதிக்கு ஒரு தேதி உண்டு, அதிலிருந்து கழித்துக்கொண்டே வரலாம். குற்றமே நிரூபிக்கப்படாதவருக்கு அந்தத் தேதி இல்லை. எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று அவருக்குத் தெரியாது. சட்டப்படி அவர் சொந்த உடையை உடுத்தலாம். அந்த ஓர் உரிமையை வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டு தம்மைத் தாமாக வைத்திருப்பார்?

கடைசியாக ஒரு மறுப்பு. இதுதான் நிர்வாகிகள் சொல்வது, இதுதான் பலமானதும். 'நீங்கள் மேடையில் பேசிவிட்டுப் போய்விடுவீர்கள். ஆயிரம் பேரைச் சில பத்துக் காவலர்களை வைத்துக்கொண்டு நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். எண், வரிசை, மணி, அனுமதி இல்லாமல் எப்படி நடத்துவது?' உண்மைதான். முழுமை நிறுவனத்தின் பல விதிகள் கெட்ட எண்ணத்தில் பிறந்தவை அல்ல, எண்ணிக்கையில் பிறந்தவை. அதற்கு விடையாக நான் எந்தக் கோட்பாட்டையும் சொல்லப் போவதில்லை. ராஜஸ்தானில் ஜெய்ப்பூரை அடுத்துள்ள சாங்கானேர் திறந்தவெளிச் சிறையைச் சொல்கிறேன். 1960-களிலிருந்து நடக்கிறது. கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர்கள் அங்கே மனைவி மக்களோடு குடியிருக்கிறார்கள். காலையில் ஊருக்குள் வேலைக்குப் போகிறார்கள், கூலியை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். மாலையில் எண்ணிக்கைக்கு ஆள் வந்து நிற்க வேண்டும். தண்டனை ரத்தாகவில்லை, அவர்கள் கைதிகள்தான். ஆனால் காஃப்மன் சொன்ன அந்த மூன்று இடங்களும் அங்கே மறுபடி பிரிந்திருக்கின்றன. முதலாளியின் முன் தொழிலாளி, பிள்ளையின் முன் அப்பா, எண்ணிக்கையின் முன் மட்டும் கைதி.

பொறுக்கியெடுத்தவர்களைத்தானே அங்கே அனுப்புகிறார்கள், அவர்கள் ஓடாமல் இருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஆம், மூடிய சிறையில் பல ஆண்டுகள் நன்னடத்தையோடு இருந்தவர்களையே தேர்ந்து அனுப்புகிறார்கள். எல்லாக் கைதிகளையும் அப்படி வைக்க முடியும் என்று சாங்கானேர் நிரூபிக்கவில்லை. அது நிரூபிப்பது சிறியது, ஆனால் எனக்கு அது போதும். அங்கே போகும் முதல் நாளும், அதற்கு முந்தைய நாளும், அவர் அதே ஆள், அதே குற்றவாளி. முந்தைய நாள் வரை அவரிடம் சாவி கொடுக்கக் கூடாது என்று இருந்தது. தமிழ்நாட்டிலும் சிவகங்கை மாவட்டத்துப் புரசடைஉடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது, கைதிகள் விவசாயம் செய்கிறார்கள்; ஆனால் குடும்பம் உடன் இல்லை. உழைக்கும் இடத்தை மாற்றிவிட்டு, இரவில் அவரைக் கைதியாகப் பார்க்காத கண்களைத் தராமல் விட்டிருக்கிறோம். அந்தப் பாதியை ஏன் நிறுத்திவைத்திருக்கிறோம் என்ற கேள்விக்கு, காவலர் எண்ணிக்கையைக் காட்டி விடை சொல்ல முடியாது.